படத்தில் இருக்கும் மாம்பழம் பழுத்ததா? முதலில் தோளைப் பாருங்கள்

மாம்பழத்தின் படத்தைக் காட்டி "இது பழுத்துவிட்டதா?" என்று யாராவது கேட்டால், கண் நேராக நிறத்துக்குத்தான் போகும். சிவப்பாக இருக்கிறது, சரி. பச்சையாக இருக்கிறது, வேண்டாம். படத்தை வைத்துச் சொல்லும் தீர்ப்புகளில் பாதி இந்த இடத்திலேயே தவறிவிடுகின்றன. பழம் கையில் இருந்தால் காம்பு வைத்த இடத்தை முகர்ந்து பார்க்கலாம், கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்க்கலாம். படத்தில் மணமும் இல்லை, மென்மையும் இல்லை. மிஞ்சுவது வடிவம், நிறம், தோலில் உள்ள வடு ஆகிய மூன்றுதான். இவற்றை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை சரியாகவோ தவறாகவோ வரும். நான் வடிவத்தை முதலிலும், நிறத்தை அடுத்தும், வடுவைக் கடைசியிலும் பார்ப்பேன்.

வரிசை ஏன் இப்படி என்றால், மாங்காயைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி உண்மையில் இரண்டு கேள்விகள். ஒன்று, காய் விளைந்ததா? இன்னொன்று, விளைந்த காய் பழுத்ததா? மாங்காய் பறித்த பிறகும் பழுக்கும். உள்ளே சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், புளிப்பு இறங்கும், சதை இளகும். ஆனால் அந்த மாவுச்சத்து மரத்தில் இருக்கும்போதே சேர்ந்திருக்க வேண்டும். விளையாமல் பறித்த காயை எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு வராது. தோல் சுருங்கி வெம்பிப் போகும். அதன் தோலும் மஞ்சளாக மாறக்கூடும் என்பதில்தான் சிக்கல். நிறத்தை மட்டும் பார்ப்பவர் வெம்பலைப் பழம் என்று எடுத்துக்கொள்வார். விளைந்ததா என்பதை வடிவம் சொல்லும், பழுத்ததா என்பதை நிறம் சொல்லும். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது.

படி 1: படத்தையே முதலில் சோதியுங்கள்

மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் பச்சைக்காய் இளமஞ்சளாகத் தெரியும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். படச் சட்டம் முழுக்க மஞ்சள் பழங்களாகவே இருந்தால், அந்த மஞ்சள் விளக்கொளியால் வந்தது என்று கேமரா நினைத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் நீலப் பக்கம் இழுத்துவிடும். அப்போது நன்றாகப் பழுத்த பழமும் வெளிறித் தெரியும்.

இதற்கு எளிய வழி, பழத்தின் அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுக்கச் சொல்வது. படம் வந்ததும், எந்தப் படத் திருத்தச் செயலியிலாவது இருக்கும் நிறம் எடுக்கும் கருவியால் தாளின் மேல் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வரும். மூன்றும் ஏறக்குறைய சமமாக, உதாரணமாக 235, 233, 228 என்று இருந்தால் நிறத்தை நம்பலாம். 240, 222, 175 என்று நீலம் மட்டும் இப்படிக் கீழே கிடந்தால் படத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது. வெள்ளைச் சமநிலைக் கருவியால் தாளை வெள்ளையாக்கிய பிறகே பழத்தின் நிறத்தைப் பாருங்கள். தாளே இல்லாத படம் என்றால் பின்னணியில் வெள்ளைச் சுவரோ தட்டோ இருக்கிறதா என்று தேடலாம். அதுவும் இல்லையென்றால் நிறத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

எடுக்கும் தூரமும் முக்கியம். ஃபோனைப் பழத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் எடுத்தால், லென்ஸுக்கு நேராக இருக்கும் பகுதி உப்பிப் பெரிதாகவும் ஓரங்கள் சரிந்தும் தெரியும். அந்தப் படத்தில் விளைந்த காய்கூடத் தோள் சரிந்ததாகத் தோன்றும். கை நீளத் தூரத்தில் நின்று, ஜூம் இரண்டு மடங்கு வைத்து எடுத்தால் வடிவம் உள்ளபடி வரும். ஃப்ளாஷ் வேண்டாம். அது விழும் இடத்தில் வெள்ளைத் திட்டு உண்டாகி, நாம் பார்க்க வேண்டிய நுண்புள்ளிகளை மறைத்துவிடும். ஜன்னலோர நிழல் வெளிச்சம் போதும்.

ஒரே படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. காம்பு மேலே இருக்கும்படி பக்கவாட்டில் ஒன்று, பழத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஒன்று, காம்புப் பகுதியை மேலிருந்து ஒன்று என மூன்று படங்கள் கேளுங்கள். விற்பவர்கள் அனுப்பும் படத்தில் பெரும்பாலும் சிவந்த பக்கம் மட்டும்தான் இருக்கும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அழகான பக்கத்தைக் காட்டத்தான் யாருக்கும் தோன்றும்.

படி 2: தோளும் கன்னமும்

பக்கவாட்டுப் படத்தில் காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். அதற்கு இரு புறமும் இருப்பதைத் தோள் என்பார்கள். இளங்காயில் தோள்கள் காம்பிலிருந்து கீழ்நோக்கிச் சரியும். காம்புதான் காயின் உச்சி. காய் விளைய விளையத் தோள்கள் மேலெழும்பும். முதலில் காம்பு சேரும் இடத்தின் மட்டத்துக்கு வரும், பிறகு அதையும் தாண்டி உயரும். நன்றாக விளைந்த காயில் காம்பு ஒரு சிறு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பள்ளமும் அதைச் சுற்றிய வளையமான மேடும் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கன்னம், அதாவது கொட்டையின் இரு தட்டையான பக்கங்களின் மேல் உள்ள சதை. காம்புப் பக்கமிருந்து எடுத்த படத்தில், இளங்காய் தட்டையாக, இரு பக்கமும் அமுங்கினாற்போல் தெரியும். விளைந்த காயில் கன்னம் புடைத்து, குறுக்குவெட்டு வட்டத்தை நெருங்கும். கீழே மூக்கு இருக்கும் இடத்துக்கு மேலுள்ள குழிவும் சதை நிறைந்து மழுங்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ரகத்துக்கு ரகம் அளவுகோல் மாறும். உருண்டையான ரகங்களில் தோள் எழும்புவது நன்றாகத் தெரியும். நீளமாக மூக்கு வளைந்த ரகங்களில் தோள் அவ்வளவு எழும்பாது; அங்கே கன்னத்தின் புடைப்பைத்தான் நம்ப வேண்டும். ஒரு ரகத்தின் விளைந்த காய் எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால், அதே ரகத்தின் பல காய்கள் ஒன்றாக உள்ள படத்தைக் கேட்டு அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பருமனை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பெரிய காய் விளையாமலும், சிறிய காய் முற்றியும் இருக்கலாம்.

வடிவத்தில் கடைசியாகச் சுருக்கத்தைப் பார்க்க வேண்டும். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கியிருந்தால் அதற்கு இரண்டு எதிர்மாறான பொருள்கள் உண்டு. தோள் நிறைந்து மஞ்சளான பழத்தில் மெல்லிய சுருக்கம் தெரிந்தால் அது நன்கு கனிந்துவிட்டது, இன்றோ நாளையோ சாப்பிட வேண்டியது. தோள் சரிந்து, பச்சையோ வெளிறிய மஞ்சளோ ஆன காயில் அதே சுருக்கம் இருந்தால் அது வெம்பல். வடிவத்தை முதலில் பார்த்திருந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியும்.

படி 3: சிவப்பை விட்டுவிட்டு அடிநிறத்தைப் பாருங்கள்

மாம்பழத் தோலில் இரண்டு வேறு நிற மாற்றங்கள் நடக்கின்றன. சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. இது பெரும்பாலும் காய் மரத்தில் வெயில் பட்ட பக்கத்தில், அதுவும் அந்த இயல்புள்ள ரகங்களில் மட்டும் உண்டாகும். பழுப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. டாமி அட்கின்ஸ் ரகக் காய் கல்லாக இருக்கும்போதே செக்கச்செவேலென்று இருக்கும். ஆகவே படத்தில் சிவப்பு தெரிந்தால் அந்தக் காய்க்கு நல்ல வெயில் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

பழுப்பதைக் காட்டுவது சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறம். பச்சையம் சிதையச் சிதைய, தோலில் உள்ள மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிய வரும். இதை அடிநிறம் என்று வைத்துக்கொள்வோம். நிழல் பட்ட பின்பக்கத்தில், சிவப்பு ஏறாத இடத்தில் இதைத் தேட வேண்டும். பின்பக்கப் படத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அடர்பச்சை முதலில் வெளிறி இளம்பச்சையாகும். பிறகு பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் வரும். செங்காய் என்று சொல்லும் நிலை ஏறக்குறைய இதுதான். அப்புறம் மஞ்சள், ரகத்தைப் பொறுத்துப் பொன்மஞ்சள் அல்லது ஆரஞ்சு.

எல்லா ரகமும் இந்தப் பாதையில் முழுத்தூரம் போவதில்லை. அல்போன்சா பொன்மஞ்சளாகும், பங்கனப்பள்ளி சீரான மஞ்சளாகும். கெயிட் ரகமோ பழுத்து இனித்த பிறகும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். எனவே ரகத்தின் பெயரைக் கேட்காமல் "பச்சையாக இருக்கிறது, இன்னும் பழுக்கவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். கெயிட் போன்றவற்றில் படம் தோற்றுவிடும். விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வதுதான் வழி.

நிறத்தோடு தோலின் நுண்புள்ளிகளையும் பாருங்கள். தோல் மூச்சுவிடும் இந்தத் துளைகள் இளங்காயில் நெருக்கமாக, கண்ணுக்கு அவ்வளவாகப் படாமல் இருக்கும். காய் பெரிதாகி விளையும்போது அவற்றுக்கிடையே இடைவெளி கூடும், புள்ளிகள் எடுப்பாகத் தெரியும். விளைந்து பறித்த காயின் மேல் சாம்பல் பூத்தாற்போல மெழுகுப் படலம் ஒன்று இருக்கும். கழுவித் துடைத்த பழத்தில் இது தெரியாது. இருந்தால் நல்ல அடையாளம். இல்லாவிட்டால் குறை சொல்ல முடியாது.

நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் இரண்டு காரணங்களை நினைக்கலாம். 30 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் பழுத்த பழத்தின் தோல் சீராக மஞ்சளாகாமல் போகலாம். மாம்பழம் அழகாகப் பழுப்பது 20 முதல் 23 டிகிரியில். மற்றொன்று குளிர். பழுக்காத காயைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் தோல் பொலிவிழந்து சாம்பல் பாரிக்கும், சிறு சிறு குழிகள் விழும், வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. படத்தில் மங்கலான பச்சையும் குழிகளும் சேர்ந்து தெரிந்தால் "இதைக் குளிர்பெட்டியில் வைத்தீர்களா?" என்று கேளுங்கள்.

பளிச்சென்ற சீரான மஞ்சளைக் கண்டால் "கல் வைத்துப் பழுக்கவைத்தது" என்று உடனே சொல்பவர்கள் உண்டு. படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. முறைப்படி எத்திலீன் வாயு அறையில் பழுத்த நல்ல பழமும் சீரான மஞ்சளாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தோள் சரிந்த, கன்னம் ஒட்டிய காய் முழு மஞ்சளாக இருந்தால் அது விளையாமல் நிறம் மட்டும் மாறியது. எதை வைத்து மாற்றினார்கள் என்பது படத்தில் இருக்காது.

படி 4: வடு வளர்கிறதா?

தோலில் கருப்பு தெரிந்தால் பழம் கெட்டது என்று ஒதுக்குவதும், எல்லாக் கருப்பும் மேல்தோலோடு சரி என்று விடுவதும் இரண்டுமே தவறு. ஒவ்வொரு வடுவும் எங்கே இருக்கிறது, ஓரம் எப்படி இருக்கிறது, மட்டமாக இருக்கிறதா அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் எடுத்த படத்தில் அது பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது காம்பிலிருந்து கீழே ஓடும் கருங்கோடு. இது இரண்டு வழிகளில் வரும். பறிக்கும்போது காம்பு ஒடிந்து பீய்ச்சும் பால் தோலில் வழிந்து எரித்துவிட்டால், ஓடிய தடத்திலேயே கரும்பழுப்புக் கோடு விழும். அந்தப் பால்கறையின் ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும், மேற்பரப்பு சற்றே பளபளக்கும், சதைக்குள் இறங்காது. பறித்த ஓரிரு நாளில் கருத்த பிறகு அதற்கு மேல் வளரவும் செய்யாது. பார்க்கத்தான் அசிங்கம், பழத்துக்கு ஒன்றுமில்லை.

மற்றொன்று ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய். மழைநீரும் பனியும் காம்பு வழியாக ஒழுகும்போது பூஞ்சை வித்துகளையும் கொண்டுவரும். அதனால் இதுவும் மேலிருந்து கீழாகக் கண்ணீர்த் தடம்போல விழலாம். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரே கோடாக இருக்காது. வரிசையாக விழுந்த சிறு புள்ளிகளாக இருக்கும். ஓரங்கள் ஒழுங்கற்றவை, பரப்பு பொலிவில்லாதது, பெரிய புள்ளிகள் நடுவில் அமுங்கியிருக்கும்.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு குணம் உண்டு. காய் பச்சையாக இருக்கும்வரை தோலுக்குள் அடங்கிக் கிடக்கும். பழுக்கத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே நேற்று இல்லாத புள்ளிகள் இன்று தெரிந்தால், நோய் இருப்பதோடு பழம் பழுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும் முன் சாப்பிட்டுவிட வேண்டும்.

காம்பைச் சுற்றி வளையமாகப் பழுப்பு பரவி, ஓரம் மங்கலாகக் கரைந்து தெரிந்தால் அது காம்பழுகல். இது வேகமாக உள்ளே போகும், அந்தப் பழத்தை வைத்திருப்பதில் பயனில்லை. ஊசி குத்தினாற்போன்ற ஒரே புள்ளி, அதைச் சுற்றி மட்டும் தோல் முந்திக்கொண்டு மஞ்சளானது, சில சமயம் ஒரு துளி பிசின் என்று தெரிந்தால் பழ ஈ முட்டையிட்ட இடமாக இருக்கலாம். வெட்டித்தான் பார்க்க வேண்டும். கிளையில் உரசிய சாம்பல்பழுப்புச் சொரசொரப்பு பழைய காயம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரு பழத்தை முழுவதுமாகப் படித்துப் பார்ப்போம்

இப்படி ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சற்று உருண்டையான காய், வலப்பக்கத் தோள் நல்ல சிவப்பு, முன்பக்கம் மஞ்சள். காம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கருங்கோடு, கன்னத்தில் தனியாக இரண்டு கரும்புள்ளிகள். அனுப்பியவர் பழுத்துவிட்டது என்றே நினைக்கிறார். கோடு இருப்பதால் அழுகலோ என்று பயம்.

அருகில் தாள் இருக்கிறது. அதன் எண்கள் 241, 224, 182. மஞ்சள் விளக்கு. தாளை வெள்ளையாக்கியதும் முன்பக்கத்து மஞ்சள் இளம்பச்சையாகிவிடுகிறது. சிவப்பு அப்படியே இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கவாட்டில் தோள்கள் காம்பைத் தாண்டி எழும்பியிருக்கின்றன, மேலிருந்து எடுத்த படத்தில் காம்பு பள்ளத்துக்குள் இருக்கிறது, கன்னம் புடைத்திருக்கிறது. காய் விளைந்தது, இதில் ஐயமில்லை. பின்பக்கப் படத்தில் அடிநிறம் இளம்பச்சைதான், மூக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்திருக்கிறது. ஆக, பழுக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் பழுத்து முடியவில்லை. கோட்டைப் பெரிதாக்கினால் ஒரே தொடர்ச்சி, ஓரம் தெளிவு, மினுமினுப்பு. பால்கறை. இரண்டு புள்ளிகளும் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், பொலிவில்லை, ஓரம் ஒழுங்கில்லை. இவற்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

எனவே பதில்: "காய் நல்ல விளைச்சல். இன்னும் பழுக்கவில்லை, வெளியிலேயே வையுங்கள். கோடு ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் கழித்து அதே ஜன்னலோரம், அதே தூரத்தில், அதே தாளோடு மறுபடி மூன்று படங்கள் அனுப்புங்கள்."

இரண்டு நாளில் வரும் படத்தில் பின்பக்கம் மஞ்சளாகியிருக்கிறது, பச்சை ஆங்காங்கே மட்டும். கோடு அதே மூன்று சென்டிமீட்டர். புள்ளிகளில் ஒன்று ஐந்து மில்லிமீட்டராகி நடுவில் அமுங்கியிருக்கிறது, அருகே புதிதாக மூன்று புள்ளிகள். இது ஆந்த்ராக்னோஸ், பழம் பழுத்ததும் எழுந்துகொண்டது. இப்போது சொல்ல வேண்டியது: காம்பு அருகே முகர்ந்து, கன்னத்தை லேசாக அழுத்திப் பாருங்கள், மணம் வந்து விரல் சற்று அமுங்கினால் இன்றே வெட்டுங்கள், புள்ளி உள்ள இடத்தைச் சதையோடு சற்று ஆழமாகச் செதுக்கிவிடுங்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படம் காட்டாதவை

கொட்டைக்குள் இருக்கும் வண்டு வெளித்தோலில் அடையாளம் எதையும் விடாது. பிஞ்சாக இருக்கும்போது அது நுழைந்த துளை காய் வளரும்போதே மூடிவிடும். அல்போன்சாவில் வரும் பஞ்சுச்சதை என்னும் குறையும் இப்படித்தான். வெளியே அப்பழுக்கில்லாத பழம், வெட்டினால் உள்ளே வெளிறிப் பஞ்சுபோல் இருக்கும். நாரும் இனிப்பின் அளவும் தோலில் தெரிவதில்லை. படத்தைப் பார்த்து "தேனாக இனிக்கும்" என்று யாராவது சொன்னால் அது அவர் ஆசை. யாருக்காவது பதில் எழுதும்போது விளைந்ததா, பழுத்ததா, வடு வளர்கிறதா என்ற மூன்றுக்கு மட்டும் தனித்தனியே பதில் எழுதுங்கள். படம் இடம் கொடுக்காத கேள்விக்கு நேரே எந்தப் படம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.